நேரத் தாள்: வடபழனி ரிசப்ஷன், 7.2.2026, சனிக்கிழமை

வேலை: மேடை, லைட், சவுண்ட், வரவேற்பு, பூ அலங்கார உதவி
இடம்: வடபழனி கல்யாண மண்டபம், பின்பக்க கேட்
முதல் ஷிப்ட் கால் டைம் காலை 10:00, இரண்டாம் ஷிப்ட் மாலை 5:00

எழுதும் முறை

பின்பக்க கேட் அருகே மேசை போட்டு இந்தத் தாளை வைத்திருக்கிறேன். கேட்டுக்குள் கால் வைத்ததும் முதல் வேலை இதில் நேரம் போட்டுக் கையெழுத்திடுவது. பையை வைப்பதும் டிரஸ் மாற்றுவதும் அதற்குப் பிறகுதான். ஒருவர் நேரத்தை இன்னொருவர் எழுதக் கூடாது. மேசைக்குப் பக்கத்து தூணில் மாட்டியிருக்கும் கடிகாரம் காட்டுவதே நேரம். அவரவர் போனில் இரண்டு நிமிடம் முன்னே பின்னே இருப்பதால் இப்படி வைத்தோம்.

கால் டைமுக்கு முன்னால் வந்தால் கணக்கு கால் டைமில் தொடங்கும். கால் டைம் ஆன பிறகு வேலை இல்லாமல் உட்கார வைத்தால் அதுவும் வேலை நேரம்தான். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு கல்யாணத்துக்கு மேடை போடப் போயிருந்தேன். லாரி வராமல் மூன்று மணி நேரம் மண்டபத்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். சம்பளம் கொடுக்கும்போது அந்த மூன்று மணி நேரத்தைக் கழித்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு மட்டும் காசு இருந்தது, சாப்பிடாமல் வீடு போனேன். நம் க்ரூவில் யாருக்கும் அப்படி நடக்கக் கூடாது.

கூலிக் கணக்கு

ஒரு ஷிப்ட் என்பது சாப்பாட்டு நேரம் போக 6 மணி நேர வேலை. அதற்கு ₹720, அதாவது அரை மணிக்கு ₹60. ஆறு மணிக்கு மேல் எட்டு மணி வரை அதே அரை மணிக் கூலி. எட்டைத் தாண்டினால் இரட்டிப்பு, அரை மணிக்கு ₹120. 10 நிமிடம் வரை கூடுவதும் குறைவதும் கணக்கில் வராது. அதைத் தாண்டினால் அந்த அரை மணி முழுதாகச் சேரும். நீங்கள் தாமதமாக வந்தால் அரை மணிக் கணக்கில் குறையும். நாங்கள் சீக்கிரம் அனுப்பினால் குறையாது.

டீ நேரம் 15 நிமிடம், அதற்குக் கூலி உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், அதற்குக் கூலி இல்லை, ஆனால் சாப்பாடு பந்தியில் விருந்தாளிகள் சாப்பிடும் அதே சாப்பாடு. இடையில் கூப்பிட்டு எழுப்பினால், எழுந்த நிமிடத்திலிருந்து வேலை நேரமாகக் கணக்கிடப்படும். நாலு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒரு மணி நேரம் ஓய்வு தரவேண்டும் என்று 1947ஆம் வருஷத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. இது நான் பார்த்துப் பெரிய மனசு பண்ணுவது இல்லை, உங்கள் உரிமை. கேட்டு வாங்குங்கள்.

இரவு 11 மணிக்கு மேல் வெளியேறுபவருக்கு ஆட்டோ காசு தனி, வண்டி வைத்திருந்தால் பெட்ரோலுக்கு ₹100.

சனிக்கிழமைப் பதிவு

| பெயர், வேலை | உள்ளே | சாப்பாடு | வெளியே | வேலை நேரம் | கூலி |
|---|---|---|---|---|---|
| சரவணன், லைட் | கா. 9:52 | 1:20–2:20 | மா. 5:05 | 6 ம. 5 நி. | ₹720 |
| பிரகாஷ், மேடை | கா. 10:00 | 1:20–1:45 | மா. 5:30 | 7 ம. 5 நி. | ₹840 |
| மீனா, பூ அலங்காரம் | கா. 10:05 | இல்லை | ம. 1:20 | 3 ம. 20 நி. | ₹420 |
| ஃபாத்திமா, வரவேற்பு | மா. 4:58 | 8:30–9:30 | இ. 11:10 | 5 ம. 10 நி. | ₹720 |
| தினேஷ், சவுண்ட் | மா. 5:40 | 8:30–9:30 | இ. 12:10 | 5 ம. 30 நி. | ₹660 |
| கார்த்திக், மேடை | ம. 3:00 | 7:00–8:00 | இ. 12:40 | 8 ம. 40 நி. | ₹1,080 |

கூலி மொத்தம் ₹4,440. போக்குவரத்து: ஃபாத்திமா ஆட்டோ ₹280, கார்த்திக் ஆட்டோ ₹350, தினேஷ் பெட்ரோல் ₹100, ஆக ₹730. இரண்டும் சேர்த்து ₹5,170.

குறிப்புகள்

லாரி: மேடைச் சாமான் ஏற்றிவந்த லாரி 11:40க்குத்தான் உள்ளே வந்தது. பத்து மணிக்கு வந்த மூவரும் அதுவரை காத்திருந்தார்கள். அந்த ஒரு மணி நாற்பது நிமிடமும் மேலே உள்ள கணக்கில் சேர்ந்திருக்கிறது.

பிரகாஷ்: சாப்பிட உட்கார்ந்து இருபத்தைந்து நிமிடத்தில் மேடையின் இடது ஓரம் ஆடுகிறது என்று கூப்பிட்டோம். இலையில் ரசம் ஊற்றிய சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு ஓடிவந்தார். நான் திரும்பிப் பார்க்கும்போது ஜாக்கிக்குக் கீழே கட்டை கொடுத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்ட பிறகு வேலை செய்த நேரம் கூலியில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அவருக்கு மீதி ஓய்வு கிடைக்கவே இல்லை, அது சரியாகவில்லை. அடுத்த வேலையில் சாப்பாட்டு நேரத்தில் மேடையைப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தனியாக வைப்பேன்.

மீனா: மதியம் தேர்வு இருப்பதை முன்பே சொல்லியிருந்தார். ஐந்து நிமிடத் தாமதம் கணக்கில் இல்லை. கிளம்பும்போது சாப்பாடு கட்டிக் கொடுத்தோம், அதற்குக் கழிவு கிடையாது.

ஃபாத்திமா: வரவேற்பில் கூட்டம் முன்பே வடிந்ததால் நாங்கள்தான் அனுப்பினோம். அதனால் முழு ஷிப்ட்.

தினேஷ்: வண்டி பஞ்சர். 4:50க்கே போன் பண்ணிச் சொல்லிவிட்டார், சொன்ன நேரத்தில் வந்தும் சேர்ந்தார். ஆறு மணியில் அரை மணி குறைந்ததற்கு ₹60 கழித்திருக்கிறது. வேறு பிடித்தம் எதுவும் இல்லை.

கார்த்திக்: மேடையில் ஆள் போதாததால் மூன்று மணிக்கே வரச் சொன்னோம். ஷிப்ட் ₹720, அடுத்த இரண்டு மணிக்கு ₹240, எட்டுக்கு மேல் நாற்பது நிமிடத்தில் அரை மணிக்கு இரட்டிப்பாக ₹120. இரவு எட்டிலிருந்து 12:40 வரை அவர் தொடர்ந்து நின்றது என் தவறு. பதினொன்றரைக்கே இன்னொருவரை மாற்றி நிறுத்தியிருக்க வேண்டும். டிஸ்மாண்ட்லிங் இருக்கும் நாளில் இனி இரவு ஷிப்டுக்கு ஒரு ஆள் கூடுதலாகப் போடுகிறேன்.

கொடுக்கும் நாள்

9.2.2026 திங்கட்கிழமை மாலை 6 மணிக்குள் அவரவர் யூபிஐ எண்ணுக்கு வந்துவிடும். ரொக்கம் வேண்டுமென்றால் அன்று கடையில் வந்து வாங்கிக்கொள்ளலாம், வவுச்சரில் கையெழுத்து வேண்டும். இந்தத் தாளின் போட்டோ நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். உங்கள் வரியை மட்டும் பார்க்காமல் பக்கத்து வரியையும் பாருங்கள். எங்காவது நிமிடம் தப்பியிருந்தால் ஞாயிறு இரவு 9 மணிக்குள் சொல்லுங்கள், இருவரும் சேர்ந்து பார்த்துத் திருத்திக் கையெழுத்திடுவோம். அதற்குப் பிறகு தெரியவந்தாலும் பணம் போகாது, அடுத்த ஷிப்ட் கூலியோடு சேர்த்துக் கொடுப்பேன்.

அடுத்த வேலை 14.2.2026 சனிக்கிழமை, கிண்டி. கால் டைம் மதியம் 2:00. வருகிறவர்கள் வியாழக்கிழமைக்குள் சொல்லவும்.

க்ரூ பொறுப்பாளர்