ஜூன் 1 முதல் நம் கடையில் புள்ளிகள்: 100 ரூபாய்க்கு 2, ஓராண்டு செல்லும்

வணக்கம்,

ரொம்ப நாளாகவே பலர் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், தொடர்ந்து வாங்குகிறவர்களுக்கு ஏதாவது உண்டா என்று. ஜூன் 1 முதல் உண்டு. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 2 புள்ளிகள் உங்கள் கணக்கில் சேரும், ஒரு புள்ளி ஒரு ரூபாய். கடைக்கு நேரில் வந்தாலும் இணையத்தில் ஆர்டர் போட்டாலும் இதே கணக்குதான்.

சேர்வதற்குக் கட்டணம் இல்லை, அட்டை இல்லை, ஆப் எதுவும் இறக்க வேண்டாம். பில் போடும்போது உங்கள் கைபேசி எண்ணைச் சொன்னால் போதும், அல்லது இந்த மின்னஞ்சலுக்கு "சேர்க்கவும்" என்று எண்ணோடு பதில் எழுதுங்கள். நீங்கள் சொல்லாமல் யாரையும் நாங்களாகச் சேர்க்க மாட்டோம். அந்த எண்ணைப் புள்ளிக் கணக்குக்கு மட்டுமே வைத்திருப்போம், வேறு யாருக்கும் தர மாட்டோம், விளம்பரத்துக்காக அழைக்கவும் மாட்டோம். வீட்டில் எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்லி ஒரே கணக்கில் சேர்க்கலாம், அதுதான் சீக்கிரம் சேரும்.

ஜூன் மாதத்துக்குள் சேருகிறவர்களுக்குத் தொடக்கமாக 50 புள்ளிகள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜூன் 12 அன்று 1,850 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். அதில் முழு நூறுகள் 18, எனவே 36 புள்ளிகள் (மீதி 50 ரூபாய்க்குப் புள்ளி வராது, அடுத்த பில்லுக்கும் போகாது). தொடக்கப் புள்ளிகளோடு சேர்த்து 86. அடுத்த முறை 700 ரூபாய் பில் வந்தால் 86 ரூபாயைக் கழித்துக்கொண்டு 614 கட்டினால் போதும், நீங்கள் கட்டிய அந்த 614-க்கு மறுபடி 12 புள்ளிகள் சேரும். கணக்கில் 50 புள்ளிகளாவது இருந்தால்தான் கழிக்க முடியும், அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும், பில் முழுவதையுமே புள்ளியில் தீர்த்தாலும் சரி. தள்ளுபடி விலையில் வாங்கும் பொருளுக்கும் புள்ளி உண்டு. புள்ளியைப் பணமாக மட்டும் தர இயலாது.

பொருளைத் திருப்பித் தந்தால் அதற்குக் கிடைத்த புள்ளிகள் கணக்கிலிருந்து குறையும். அவற்றை ஏற்கெனவே செலவழித்திருந்தால் திரும்பத் தரும் பணத்தில் அந்த அளவு கழியும்.

இனி காலாவதி. இதைக் கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் புள்ளித் திட்டங்களில் வருத்தம் வருவதே பெரும்பாலும் இங்கேதான்: சேர்த்து வைத்திருப்போம், ஒருநாள் பார்த்தால் சுழியம். நம்மிடம் புள்ளி சேர்ந்த மாதத்திலிருந்து அடுத்த ஆண்டு அதே மாதக் கடைசி நாள் வரை செல்லும். ஜூன் 12 அன்று சேர்ந்த 36 புள்ளிகள் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை. தொடக்கப் புள்ளிகள் 50 மட்டும் விதிவிலக்கு, அவை இந்த ஆண்டு செப்டம்பர் 30-உடன் முடிந்துவிடும், அதனால் அவற்றை முதலில் செலவழித்துவிடுங்கள். நீங்கள் கழிக்கும்போது எது முதலில் காலாவதியாகுமோ அதுதான் முதலில் கழியும், எந்தப் புள்ளி எப்போதையது என்று நீங்கள் நினைவு வைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பில்லின் அடியிலும் இருப்பும், அடுத்து காலாவதியாகும் தேதியும் அச்சாகும். காலாவதிக்கு 30 நாள் முன்பு ஒரு மின்னஞ்சலும் வரும்.

ஏன் காலாவதி வைக்க வேண்டும் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். கொடுத்த ஒவ்வொரு புள்ளியும் கடை உங்களுக்குத் தர வேண்டிய கடன். அது எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் புள்ளியின் மதிப்பைக் குறைக்க வேண்டியிருக்கும், அதைவிட ஓராண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று முடிவு செய்தோம். விதிகளை மாற்றவோ திட்டத்தை நிறுத்தவோ நேர்ந்தால் 60 நாள் முன்பே எழுதுவோம், அதுவரை சேர்ந்த புள்ளிகளை அதே மதிப்பில் அவற்றின் காலாவதி தேதி வரை பயன்படுத்தலாம்.

இன்னொன்று. புள்ளி சேர வேண்டும் என்பதற்காகத் தேவையில்லாததை வாங்க வேண்டாம். எப்படியும் வாங்கப் போவதை வாங்குங்கள், அதற்கு இது தானாகச் சேரட்டும்.

மே மாதம் வாங்கியதற்குப் புள்ளி கிடையாது, அதைக் கேட்டுப் பலர் எழுதுவீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்புறம் கைபேசி எண் மாறினால் பழைய எண்ணையும் புதியதையும் இந்த முகவரிக்கு எழுதுங்கள், புள்ளிகளை மாற்றித் தருகிறோம். வேறு சந்தேகம் இருந்தாலும் இதே மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்புங்கள், படித்துப் பதில் எழுதுவது நான்தான்.

அன்புடன்,
கடை உரிமையாளர்