சப்பாத்துக் கடையில் ஜெயம் அண்ணன்

பள்ளிக்கூடம் தொடங்கப்போகிற கிழமை என்றால் மட்டக்களப்பு டவுனில் எந்தச் சப்பாத்துக் கடையிலும் உட்கார இடம் கிடைக்காது. கடைத்தொகுதியின் மேல்மாடியில் ஒருவழியாக ஒரு ஸ்டூலைப் பிடித்து, மகனுக்கு வெள்ளைச் சப்பாத்தைப் போட்டு, பெருவிரல் எங்கே முட்டுகிறது என்று அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தங்கச்சி, சுமதிதானே?”

நிமிர்ந்தேன். தலை முழுக்க நரை, கையில் கடைப் பை. சிரித்த பிறகுதான் ஆள் பிடிபட்டது.

“ஐயோ, ஜெயம் அண்ணன்! எப்படி இருக்கிறீங்க? கட்டார்ல எண்டுதானே கேள்விப்பட்டன்?”

“அது முடிஞ்சு வந்து நாலு வருஷமாகுது. செங்கலடியில சின்னதா ஒரு ஹார்ட்வெயார் போட்டிருக்கன். நீங்க பிரதேச செயலகத்திலதான் இன்னும்?”

“ஓம் அண்ணன், அதே கதிரை. அப்ப நம்மட பழைய ஒபிஸ்ல சுனாமி வீட்டுப் பட்டியல், இப்ப இங்க அஸ்வெசும பட்டியல். பேர் விடுபட்ட ஆக்கள் வந்து ஏசுறது மட்டும் மாறல்ல.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சுனாமிக்குப் பிறகு டவுனில் வந்து குவிந்த தொண்டு நிறுவனங்களில் ஒன்றில்தான் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். நாவலடிச் சனத்துக்குத் திராய்மடுவில் வீடு கட்டிக் கொடுக்கிற காலம். திட்டம் முடிய ஒப்பந்தமும் முடிந்தது. ஆளுக்கொரு பக்கம் போனோம்.

“நாவலடி மணலுக்க உங்கட மோட்டார் சைக்கிள் புதைஞ்சு, நான் பின்னால இருந்து தள்ளினது ஞாபகம் இருக்கா அண்ணன்?”

“தள்ளினீங்களா! பைலைத் தலையில பிடிச்சிட்டு நிழலுக்கு நிண்டது ஆரு?”

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இந்தக் கதையை வீட்டில் நான் வேறு மாதிரித்தான் சொல்லியிருக்கிறேன்.

“இவர் ஆரு, சின்னவரா? எத்தனையாம் ஆண்டு மனே?”

“ஐஞ்சு,” என்றான்.

“அப்ப ஸ்கொலர்ஷிப் வருஷம். அம்மாவுக்குத்தான் சோதினை எண்டு சொல்லுங்க.”

“அதை ஏன் கேக்கிறீங்க அண்ணன், சனி ஞாயிறெல்லாம் ரியூசன் வாசல்லதான் குடியிருப்பு. உங்கட மகள் இப்ப பெரிய பிள்ளையா இருப்பாவே?”

“வந்தாறுமூலை கெம்பஸ்ல ரெண்டாம் வருஷம். வீட்டில இருந்தே போய் வாறா. போர்டிங் காசு மிச்சம்.”

“நல்லது அண்ணன். கடை எப்படிப் போகுது?”

“போகுது... கட்டுற ஆக்கள் இருந்தாத்தானே சீமெந்து போகும். பரவால்ல, கைக்கும் வாய்க்கும் காணும்.”

அதுக்கு மேல் நான் தோண்டவில்லை. அவரும் என் சம்பளத்தைக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதைக் கேட்காமல் விடுகிறவர்கள் குறைவு.

கடைப் பெடியன் அடுத்த சைஸை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். பக்கத்தில் ஒரு அம்மா எங்கள் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தா. அந்த நேரம் ஜெயம் அண்ணனின் போன் அடித்தது.

“ஓம், ஓம், வாறன். நம்மட சுமதியைக் கண்டன், கதைச்சிட்டு நிக்கிறன்.” போனைக் காதிலிருந்து எடுத்தார். “இவ கீழ நிக்கிறா. மீன் வாங்கி ஓட்டோவில வச்சிட்டாவாம்.”

“அப்ப ஓடுங்க அண்ணன், மீனை வச்சிட்டு நிண்டு கதைக்கேலாது. அக்காவை நான் கேட்டதாச் சொல்லுங்க.”

“சொல்றன். உங்கட நம்பர் பழையதுதானா?”

“இல்ல, மாத்திட்டன். உங்கட நம்பரைச் சொல்லுங்க, நான் மிஸ்ட் கோல் அடிக்கிறன்.”

அவர் சொன்னார். அடித்தேன். அவருடைய போன் சட்டைப் பைக்குள் ஒரு தரம் அதிர்ந்து நின்றது.

“வந்திட்டு. பழைய ஒபிஸ் ஆக்கள் கொஞ்சப் பேர் ஒரு வட்ஸ்அப் குரூப்ல இருக்கம், உங்களையும் சேத்து விடுறன். காலைவணக்கப் படம்தான் கூட வரும், பொறுத்துக்கொள்ளணும்.”

“சத்தத்தை நிப்பாட்டி வைக்கிறன் அண்ணன்.”

“அதுதான் எல்லாரும் செய்யிறது. சரி தங்கச்சி, அந்தப் பக்கம் வந்தா கடைக்கு வாங்க. செங்கலடிச் சந்தியில இறங்கி ஆரைக் கேட்டாலும் காட்டுவாங்க.”

“கட்டாயம் வாறன். நீங்களும் அக்காவைக் கூட்டிட்டு ஒருநாள் வீட்ட வாங்க. அதே கல்லடி வீடுதான்.”

“வாறம், வாறம். மனே, நல்லாப் படிக்கணும், சரியா? அப்ப நான் வரட்டா?”

“ஓம் அண்ணன், போயிட்டு வாங்க.”

படியில் பாதி இறங்கியவர் திரும்பி மகனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “ஒரு சைஸ் கூட எடுங்க தம்பி, வருஷக் கடைசிக்குள்ள கால் வளர்ந்திரும்!”

பெடியன் என் முகத்தைப் பார்த்தான். கூடிய சைஸையே பில் போடச் சொன்னேன்.