கிணற்றின் மேல் ஒரு கூடு: படநூல் வாசிப்புக் காணொளிக்கான உரைப்படி

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் சிறுவர் கதைநேரத்திற்காக, 24 பக்கப் படநூல் ஒன்றை வைத்து இந்தக் காணொளி எடுக்கப்படுகிறது. பார்க்கப் போகிறவர்கள் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள். இடைநிறுத்தங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். கேமரா புத்தகத்தின் நேர் மேலே நிற்கும். வாசிப்பவரின் முகம் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் தெரிந்தால் போதும். பக்கம் திருப்பும் ஒவ்வொரு முறையும் முதலில் சலங்கை ஒருமுறை ஒலிக்க வேண்டும். அதன் பிறகே விரல் பக்கத்தின் கீழ் மூலையைத் தொட வேண்டும்.

வாசிப்பவர் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கேள்வி கேட்ட பிறகு வரும் அமைதி பிள்ளைக்கு உரியது. அந்த அமைதியில் நாமே விடையைச் சொல்லிவிட்டால், அடுத்த பக்கத்துக்கு வேலையே இல்லாமல் போய்விடும். திரைக்கு அப்பால் வீட்டில் ஒரு குழந்தை தன் பதிலைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, குறித்திருக்கும் நொடிகளை மனத்துக்குள் எண்ணியபடி காத்திருங்கள்.

அட்டை

(முகம் தெரிகிறது. புத்தகம் மார்போடு அணைத்திருக்கிறது. பிறகு மெல்லக் கேமராவின் கீழ் வைக்கப்படுகிறது.)

வாசிப்பு: வணக்கம், செல்லங்களே. இன்று நாம் சேர்ந்து வாசிக்கப் போகும் கதையின் பெயர் "கிணற்றின் மேல் ஒரு கூடு". அட்டையை நன்றாகப் பாருங்கள். பனை ஓலையின் நுனியில் சுரைக்குடுக்கை போல ஒன்று தொங்குகிறது. அதற்குள் யார் இருப்பார்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

(5 நொடி. சலங்கை. திருப்பவும்.)

பக்கம் 2, 3

வாசிப்பு: கயலின் ஆச்சி வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெரிய கிணறு இருந்தது. கிணற்றை எட்டிப் பார்ப்பது போல ஒரு பனைமரம் சாய்ந்து நின்றது. ஆடி மாதத்தின் ஒரு காலைப்பொழுதில், தலையிலும் மார்பிலும் மஞ்சள் பூசியது போன்ற ஒரு சிறிய குருவி அந்த மரத்தில் வந்து உட்கார்ந்து, "சிட், சிட், சீ" என்று கூப்பிட்டது. "ஆச்சி, இது என்ன குருவி?" என்று கயல் கேட்டாள். "தூக்கணாங்குருவி, கயலு. வீடு கட்ட இடம் பார்க்க வந்திருக்கிறது" என்றாள் ஆச்சி.

(சலங்கை. திருப்பவும். இங்கே கேள்வி வேண்டாம். கதை முதலில் சற்று ஓடட்டும்.)

பக்கம் 4, 5

வாசிப்பு: வீடு கட்ட நார் வேண்டும். குருவியிடம் கத்தியும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. அது ஓலையின் ஓரத்தில் உட்கார்ந்து, அலகால் சின்னதாக ஒரு கீறல் போட்டது. கீறலின் முனையைக் கவ்விக்கொண்டது. பிறகு...

(குரலை இங்கேயே நிறுத்தவும். விரல் படத்திலுள்ள கீறலின் மேல் நிற்கட்டும்.)

கேள்வி: முனையைக் கவ்விக்கொண்ட குருவி அடுத்து என்ன செய்யும்? உங்கள் கையில் ஒரு காகிதம் இருந்தால், அதன் ஓரத்தைக் கொஞ்சமாகக் கிழித்துப் பிடித்துக்கொண்டு யோசியுங்கள்.

(8 நொடி. சலங்கை. திருப்பவும்.)

பக்கம் 6, 7

வாசிப்பு: பிறகு அது பறந்தது! பறக்கப் பறக்க, ஓலையிலிருந்து நீளமான ஒரு நார் "சர்ர்ர்" என்று கிழிந்து அதன் பின்னாலேயே வந்தது. அந்த நாரை ஓலை நுனியில் சுற்றி முடிச்சுப் போட்டது. மறுபடியும் போனது, மறுபடியும் வந்தது. ஒரு கூட்டை முடிக்க ஒரு தூக்கணாங்குருவி சில நூறு தடவைகள் இப்படிப் போய்வர வேண்டியிருக்கும். சில நாளில் முடிச்சுக்குக் கீழே ஒரு வளையம் வந்தது. குருவி அதற்குள் உட்கார்ந்து ஊஞ்சல் ஆடியது.

(வலப் பக்கத்தில் குருவி ஊஞ்சலாடும் படத்தை இரண்டு நொடி அப்படியே காட்டவும். சலங்கை. திருப்பவும்.)

பக்கம் 8, 9

வாசிப்பு: வளையத்தைச் சுற்றி நார்களைப் பின்னப் பின்ன, கவிழ்த்த தொப்பியைப் போல அரைக்கூடு உருவானது. அதன் அடியில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. குருவி தன் கூட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இறக்கைகளைப் படபடவென்று அடித்து எல்லோரையும் கூப்பிட்டது. அப்போது மஞ்சள் நிறமே இல்லாத, பழுப்பு நிறப் பெண் குருவி ஒன்று வந்தது. உள்ளே நுழைந்து பார்த்தது. ஒரு நாரை இழுத்துப் பார்த்தது. இன்னொரு நாரையும் இழுத்துப் பார்த்தது.

கேள்வி: பெண் குருவிக்கு இந்த வீடு பிடித்திருக்குமா? பிடித்திருக்கும் என்றால் கையைத் தூக்குங்கள். பிடிக்காது என்றால் தலையை ஆட்டுங்கள்.

(8 நொடி. விரல் பக்கத்தின் மூலையில் காத்திருக்கட்டும். பக்கம் சற்றும் தூக்கப்படக் கூடாது. சலங்கை. மெதுவாகத் திருப்பவும்.)

பக்கம் 10, 11

(இந்த இரு பக்கங்களிலும் எழுத்து மிகக் குறைவு. ஓவியர் வேண்டுமென்றே வெற்றிடம் விட்டிருக்கிறார், இசையையும் நிறுத்திவிடவும்.)

வாசிப்பு: பெண் குருவி பறந்து போய்விட்டது.

(4 நொடி மௌனம்.)

கயலுக்கு அழுகை வந்தது. "இத்தனை நாள் கட்டியதே, ஆச்சி!" என்றாள். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. கயலின் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி: ஆண் குருவி இப்போது என்ன செய்யும்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பக்கத்தில் அம்மாவோ தாத்தாவோ அண்ணனோ இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். அவசரமே இல்லை, நான் காத்திருக்கிறேன்.

(12 நொடி. காணொளியின் மிக நீண்ட இடைவெளி இதுதான். படத்தொகுப்பின்போது இதைக் குறைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். "கோபப்படும்", "அழும்", "வேறு ஊருக்குப் போகும்" என்று பிள்ளைகள் சொல்லும் எல்லாப் பதில்களுக்கும் இங்கே இடமுண்டு; எனவே அடுத்த பக்கம் வந்ததும் "சரியாகச் சொன்னவர்கள் யார்?" என்று கேட்கக் கூடாது. சலங்கை. திருப்பவும்.)

பக்கம் 12, 13

வாசிப்பு: குருவி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது. பிறகு பக்கத்து ஓலைக்குப் போய், அலகால் சின்னதாக ஒரு கீறல் போட்டது. கீறலின் முனையைக் கவ்விக்கொண்டது. பிறகு...

(குரலை நிறுத்தவும். பக்கம் 5இல் கேட்ட அதே சொற்கள், அதே தாளத்தில் வர வேண்டும், பிள்ளைகளே "பறந்தது!" என்று கத்துவார்கள். 4 நொடி.)

பறந்தது! ஒரு முடிச்சு, ஒரு வளையம், ஓர் ஊஞ்சல். புதிய அரைக்கூடு தயாரானது.

(சலங்கை. விரைவாகத் திருப்பவும்.)

பக்கம் 14, 15

வாசிப்பு: ஆச்சியின் வயலில் கார் நெல் நட்டுச் சில நாள்களே ஆகியிருந்தன. குருவி வயலின் வரப்பில் இறங்கி, ஈரக் களிமண்ணை அலகில் அள்ளிக்கொண்டு கூட்டுக்குள் போனது. கூட்டின் உள்சுவரில் அதை அப்பியது.

கேள்வி: நாரால் கட்டிய வீட்டுக்குள் மண் எதற்கு?

(8 நொடி. இந்த ஓர் இடத்தில் மட்டும் விடையை வாசிப்பவரே சொல்லலாம். ஆனால் காத்திருந்த பிறகே.)

வாசிப்பு: ஆடிக் காற்று அம்மியையே நகர்த்தும் என்பார்கள். காற்றில் கூடு நிலையாக நிற்க மண்ணின் கனம் உதவும் என்று பறவைகளைக் கவனிப்பவர்கள் சிலர் சொல்கிறார்கள். வேறு காரணமும் இருக்கலாம். உங்களுக்குத் தோன்றிய காரணத்தை ஒரு தாளில் வரைந்து, அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

(சலங்கை. திருப்பவும்.)

பக்கம் 16, 17

வாசிப்பு: பழுப்பு நிறப் பெண் குருவி மறுபடியும் வந்தது. நாரை இழுத்தது. இழுத்த நார் வரவில்லை. அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது! இனி வீட்டை முழுதாகக் கட்டி முடிக்க வேண்டும். அடியிலுள்ள இரண்டு ஓட்டைகளில் ஒன்றை ஆண் குருவி மூடிவிடப் போகிறது. இன்னொன்றை அப்படியே விட்டுவிடாமல் வேறொன்றாக மாற்றப் போகிறது.

கேள்வி: மூடிய பக்கத்தில் என்ன இருக்கும்? திறந்த ஓட்டை என்னவாக மாறும்?

(10 நொடி. முதலில் இடப்பக்க ஓட்டையையும் பிறகு வலப்பக்க ஓட்டையையும் விரலால் சுற்றிக் காட்டவும். சலங்கை. திருப்பவும்.)

பக்கம் 18, 19

(இது மடிப்பு விரியும் பக்கம். வலப்பக்கத்தை முதலில் திறந்து, பிறகு கீழ்நோக்கித் தொங்கும் மடிப்பைத் தனியாக இறக்கவும். கேமராவின் சட்டகத்துக்குள் முழு நீளமும் அடங்குகிறதா என்பதை ஒத்திகையின்போதே பார்த்துவிடுவது நல்லது.)

வாசிப்பு: மூடிய பக்கம் முட்டை வைக்கும் அறை ஆனது. திறந்த ஓட்டை கீழே, கீழே, இன்னும் கீழே நீண்டு குழாய் போன்ற வாசல் ஆனது. ஒரு நாள் காகம் ஒன்று வந்தது. கூட்டின் மேல் உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது.

கேள்வி: காகத்துக்கு வாசல் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? உங்களுக்குத் தெரியும்தானே? விரலால் திரையில் காட்டுங்கள்.

(6 நொடி.)

வாசிப்பு: வாசல் குறுகலாக, அடியில், கிணற்றுத் தண்ணீருக்கு நேர் மேலே தொங்கியது. காகம் "கா" என்று கத்திவிட்டுப் போய்விட்டது.

(மடிப்பை மூடவும். சலங்கை. திருப்பவும்.)

பக்கம் 20, 21

வாசிப்பு: உள்ளே மூன்று வெள்ளை முட்டைகள் இருந்தன. அம்மா குருவி அடைகாத்தது. கயல் தினமும் ஒரு கோடு என்று சுவரில் கரிக்கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பதினைந்தாவது கோடு போட்ட காலையில் கூட்டுக்குள்ளிருந்து ஏதோ கேட்டது.

(இசை வேண்டாம். காதருகே கை வைத்துக் கேட்பது போன்ற நிழல் பக்கத்தின் மேல் விழட்டும்.)

கேள்வி: என்ன சத்தம் கேட்டிருக்கும்? நீங்களே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

(8 நொடி. சலங்கை. திருப்பவும்.)

பக்கம் 22, 23

வாசிப்பு: "கீச், கீச், கீச்!" அம்மா குருவி பூச்சி பிடித்து வந்து ஊட்டியது. அதற்குள் அப்பா குருவி அடுத்த ஓலையில் இன்னொரு வீட்டுக்கு முடிச்சுப் போடத் தொடங்கியிருந்தது. குஞ்சுகள் வளர்ந்தன, ஒவ்வொன்றாகப் பறந்தன. பிறகு ஒரு நாள் காற்றில் பழைய கூடு கிணற்றடியில் வந்து விழுந்தது. கயல் அதை எடுத்து, வாசல் குழாய்க்குள் மெல்லக் கையை விட்டாள்.

கேள்வி: கயலின் விரல்களில் என்ன தட்டுப்படும்?

(10 நொடி. சலங்கை. கடைசி முறையாகத் திருப்பவும்.)

பக்கம் 24

வாசிப்பு: காய்ந்துபோன களிமண். ஒரு சின்ன இறகு. "ஆச்சி, இதை நானே வைத்துக்கொள்ளலாமா?" என்று கயல் கேட்டாள். "குஞ்சுகள் போய்விட்ட வீடுதானே, வைத்துக்கொள்" என்றாள் ஆச்சி.

(புத்தகத்தை மூடாமல் மூன்று நொடி. பிறகு முகம்.)

வாசிப்பு: உங்கள் ஊரில் பனையிலோ ஈச்சமரத்திலோ கருவேலமரத்திலோ இப்படிக் கூடு தொங்குகிறதா என்று பாருங்கள். குருவிகள் இருக்கும் கூட்டைத் தொடாமல், தள்ளி நின்றே பாருங்கள். அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றனவா, நீண்ட குழாய் இருக்கிறதா? பார்த்ததை வந்து சொல்லுங்கள்.

(புத்தகம் மூடப்படுகிறது. சலங்கை ஒலிக்காது.)