கூட்டுக் கணக்கிலிருந்து மகன் பெயரை நீக்கவும் கையெழுத்து முறையை மாற்றவும் கோரும் கடிதம்

மு. இராஜம்மாள்,
ஆயர் ஈத்தாம்,
11500 பினாங்கு.

14 ஜூலை 2025

கிளை மேலாளர்,
ஆயர் ஈத்தாம் கிளை,
பினாங்கு.

பொருள்: 4417 என முடியும் கூட்டுச் சேமிப்புக் கணக்கில் இரண்டாம் பெயரை நீக்குதல், மகளைச் சேர்த்தல், "இருவரும் கையெழுத்திட வேண்டும்" என்பதை "யாரேனும் ஒருவர்" என்று மாற்றுதல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மேலே சொன்ன கணக்கு என் பெயரிலும் என் மூத்த மகன் மு. குணசேகரன் பெயரிலும் 2012-இல் திறக்கப்பட்டது. என் கணவர் காலமான பிறகு, தனியாகப் பணத்தைக் கையாள எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கலாம் என்று நானே கேட்டு வைத்தேன். அப்போது அவன் பக்கத்துத் தெருவில் இருந்தான். அந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது.

இப்போது அவன் குடும்பத்தோடு பெர்த்தில் இருக்கிறான். சென்ற ஆண்டு அங்கே நிரந்தர வசிப்புரிமையும் கிடைத்துவிட்டது. நம் நாட்டுக் குடிமகன்தான் என்றாலும், வெளிநாட்டில் நிரந்தர வசிப்புரிமை பெற்று அங்கேயே வாழ்பவரை பேங்க் நெகாராவின் அந்நியச் செலாவணி விதிகள் நாட்டில் வசிக்காதவராகவே கணக்கில் கொள்கின்றன என்று உங்கள் அதிகாரி விளக்கினார். வரி வசிப்பிடமும் ஆஸ்திரேலியாவுக்கு மாறியதால் அதற்கான சுய உறுதிமொழிப் படிவம் ஒன்றையும் அவனிடம் கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டு வாடகைக் காசுக்காக அவன் அங்கே வரிக் கணக்கில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் அவன் போட்ட பணம் எதுவும் கிடையாது.

ஆனாலும் நான் எழுதுவதற்கு முக்கியக் காரணம் கையெழுத்துதான். மேல் மாடியில் குடியிருப்பவர் மாதாமாதம் டூயிட்நவ் மூலம் வாடகையைச் செலுத்துகிறார். பணம் கணக்கில் சேருகிறது, வெளியே எடுக்கத்தான் வழியில்லை. இரு கையெழுத்துக் கணக்கு என்பதால் ஏடிஎம் கார்டும் கிடையாது. மாநகர் மன்றத்தின் இரண்டாம் அரையாண்டு வீட்டு வரியை ஆகஸ்ட் 31-க்குள் கட்ட வேண்டும். கூரை ஒழுகுவதைச் சரி செய்யும் ஆளுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் மகள் கைக்காசைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறாள்.

கவுண்டரில் "குடும்பத்தில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்கள். கேட்பது முறைதான், அதனால் பதிலையும் எழுத்தில் தருகிறேன். எந்த மனத்தாங்கலும் இல்லை, யாரும் என்னை வற்புறுத்தவும் இல்லை. சந்தேகம் இருந்தால் மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் தனியாகக் கேட்கலாம்.

மகன் எனக்கோ தங்கைக்கோ பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்துவிட்டால் போதாதா என்றும் ஒரு யோசனை வந்தது. அதை முத்திரையிட்டு உயர் நீதிமன்றத்தில் பதிய வேண்டும். அத்தனையும் செய்த பிறகும் கணக்கில் அவன் பெயர்தான் நிற்கும். அவன் விலகிக்கொள்வதே சுத்தமான வழி என்று மூவரும் முடிவு செய்திருக்கிறோம்.

ஆகவே என் கோரிக்கை: குணசேகரன் பெயரை எடுத்துவிட்டு, என் மகள் மு. சாந்தியை இரண்டாம் கணக்குதாரராகச் சேர்க்கவும். கையெழுத்து முறை இனி "யாரேனும் ஒருவர்" என்று இருக்கட்டும். டெபிட் கார்டு என் பெயரில் ஒன்று மட்டும் போதும். இணைய வங்கிச் சேவை எங்கள் இருவருக்குமே வேண்டாம். மோசடிக் கதைகளைத் தினமும் கேட்கிறோம், இந்த வயதில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. பணம் எடுக்கப்பட்டால் வரும் குறுஞ்செய்தி இதுவரை மகனின் பழைய எண்ணுக்குப் போனது. இனி அது என் கைப்பேசிக்கு வர வேண்டும், சாந்தி பணம் எடுத்தாலும் கூட.

கணக்கை என் ஒரே பெயருக்கு மாற்றச் சொல்லாததற்கும் காரணம் உண்டு. உங்கள் கிளையிலேயே என் தனிப் பெயரில் 200,000 ரிங்கிட் நிரந்தர வைப்பு இருக்கிறது. இந்தச் சேமிப்புக் கணக்கில் இன்றைய நிலவரப்படி 61,480 ரிங்கிட். இரண்டும் என் தனிப் பெயரில் சேர்ந்தால் பிடிம் காப்புறுதியின் 250,000 ரிங்கிட் வரம்பைத் தாண்டிவிடும். கூட்டுக் கணக்குக்குக் காப்பு தனியாகக் கணக்கிடப்படும் என்பதால் இப்படியே தொடரட்டும்.

பெயரை நீக்கும் வசதி இல்லை, பழைய கணக்கை மூடிப் புதிதாகத் திறப்பதே உங்கள் நடைமுறை என்றால் அதற்கும் எங்கள் மூவருக்கும் சம்மதம். அப்படியானால் முழுத் தொகையும், மூடும் நாள் வரையிலான வட்டியோடு, நேராகப் புதிய கணக்குக்கே மாற வேண்டும். ரொக்கமாகத் தர வேண்டாம். மின்சாரம், தண்ணீர்க் கட்டணங்கள் இந்தக் கணக்கிலிருந்து தானாகக் கழிகின்றன. புதிய எண் தெரிந்து, வாடகைக்காரருக்குச் சொல்லி, கட்டணங்களையும் மாற்றிய பிறகே பழையதை மூடினால் நல்லது.

இன்னொன்று. கணக்குதாரர்களில் ஒருவர் இறந்தால் மீதிப் பணம் யாரைச் சேரும் என்ற விதி புதிய படிவத்தில் இருக்கும். நான் கையெழுத்திடும் முன் அந்தப் பகுதியைத் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் எனக்கு வாசித்து விளக்க வேண்டும். என் உயிலில் மூன்று பிள்ளைகளுக்கும் பங்கு எழுதியிருக்கிறேன். வங்கிப் படிவம் அதற்கு முரணாகப் போய்விடக்கூடாது.

இத்துடன் என் மைகார்டு, சாந்தியின் மைகார்டு, கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை வைத்திருக்கிறேன். அசல்களை நேரில் காட்டுவோம். சாந்தி என் மகள் என்பதற்கு அவளது பிறப்புச் சான்றிதழ் நகலும், அவள் முகவரிக்கு மின்சாரக் கட்டண பில்லும் உள்ளன. மகனிடமிருந்து வந்திருப்பவை: கடப்பிதழ் நகல், வசிப்புரிமைக் கடித நகல், பெர்த்திலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் அவன் கையெழுத்திட்ட விலகல் கடிதம். விலகல் கடிதம் மட்டும் அசல், கூரியரில் வந்தது. அதில் இந்தக் கணக்கின் மீதிப் பணத்தில் தனக்கு உரிமை எதுவும் இல்லை, இனியும் கோர மாட்டேன், இதை எந்தக் கடனுக்கும் ஈடாக வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறான். அவன் கையெழுத்து 2012-இல் போட்டதிலிருந்து கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒப்பிடும்போது சந்தேகம் வந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பாமல் அவனை வீடியோ அழைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். எண் கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் கோப்புக்காக இக்கடிதத்தின் மலாய் மொழிபெயர்ப்பும் இணைக்கப்பட்டுள்ளது.

எனக்கு முழங்கால் வலி, அடிக்கடி வர இயலாது. இன்னும் ஏதாவது தாள் தேவைப்பட்டால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சாந்தியிடம் சொல்லிவிடுங்கள். கடிதம் கிடைத்ததற்கு நகலில் முத்திரையிட்டு, தேதி போட்டுத் தந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மு. இராஜம்மாள்
(முதல் கணக்குதாரர்)

மேலே உள்ளதைப் படித்தேன். இரண்டாம் கணக்குதாரராகச் சேரச் சம்மதிக்கிறேன். கணக்கிலுள்ள பணம் அம்மாவுடையது, அவர் தேவைக்காக மட்டுமே எடுப்பேன்.

மு. சாந்தி
14 ஜூலை 2025