250 அலகுகள், மூன்று விடைகள்: இறுதிச் சரக்கிருப்புக் கணக்கு

முதலில் கணக்கு. மாதம் 1ஆம் தேதி தொடக்கச் சரக்கிருப்பு 200 அலகுகள், அலகு 10 வீதம். 5ஆம் தேதி 300 அலகுகள் கொள்முதல், வீதம் 12. 10ஆம் தேதி 350 விற்பனை. 18ஆம் தேதி இன்னொரு கொள்முதல், 350 அலகுகள், வீதம் 15. 25ஆம் தேதி 250 விற்பனை. விற்பனை விலை இரண்டு முறையும் 20. இறுதிச் சரக்கிருப்பின் மதிப்பை முதலில் வந்தது முதலில் செல்லும் முறையிலும் எடையிட்ட சராசரி முறையிலும் கண்டுபிடித்து ஒப்பிட வேண்டும்.

விலைக்குள் போவதற்கு முன்னால் எண்ணிக்கையை முடித்துவிடுங்கள். மொத்தம் 850 வந்தது, 600 போனது, மீதி 250. எந்த முறையில் போட்டாலும் இந்த 250 மாறாது. மொத்த அடக்கமும் மாறாது: 2,000 + 3,600 + 5,250 = 10,850. இந்த 10,850இல் எவ்வளவு விற்றதோடு போகிறது, எவ்வளவு இருப்பில் தங்குகிறது என்பதில்தான் இரண்டு முறைகளும் பிரிகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி கணக்கு முடிந்த மாதிரி.

முதலில் வந்தது முதலில் செல்லும் முறை சுலபம். 10ஆம் தேதி போன 350இல் பழைய 200 (வீதம் 10), அடுத்து 150 (வீதம் 12), ஆக 3,800. 25ஆம் தேதி போன 250இல் மிச்சமிருந்த 150 (வீதம் 12), புதுச் சரக்கில் 100 (வீதம் 15), ஆக 3,300. விற்ற பொருளின் அடக்கம் 7,100. இருப்பில் உள்ள 250ம் கடைசிக் கொள்முதலைச் சேர்ந்தவை, 250 × 15 = 3,750. இரண்டையும் கூட்டுங்கள், 10,850 வருகிறதா? சரி.

எடையிட்ட சராசரியில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். 10, 12, 15 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 12.33 என்று எடுப்பது தவறு. அது வெறும் சராசரி, எத்தனை அலகு எந்த விலைக்கு வந்தது என்பதை அது கண்டுகொள்வதே இல்லை. ஒவ்வொரு கொள்முதலுக்குப் பிறகும் கையில் இருக்கும் மொத்த மதிப்பை மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 5ஆம் தேதி 5,600 ÷ 500 = 11.20. அதில் 350 போனால் 3,920 குறைந்து, 150 அலகுகள் 1,680 மதிப்பில் நிற்கும். 18ஆம் தேதி 5,250 சேர்ந்து 6,930, அதை 500 அலகுகளால் வகுத்தால் 13.86. அதில் 250 போய் மீதி 250, மதிப்பு 3,465. விற்றதன் அடக்கம் 3,920 + 3,465 = 7,385. விற்பனை நடக்கும்போது சராசரி வீதம் மாறாது, கொள்முதலில்தான் மாறும்.

அப்புறம் இன்னொரு விஷயம், கேள்வியை நிதானமாகப் படிக்காவிட்டால் மதிப்பெண் போய்விடும். மேலே செய்தது ஒவ்வொரு வரவு செலவுக்கும் இருப்பைப் பதியும் தொடர் முறை. மாத இறுதியில் மட்டும் ஒரே சராசரி எடுக்கச் சொன்னால் 10,850 ÷ 850 = 12.7647, இருப்பு 3,191.18. அதே கணக்கு, அதே 'எடையிட்ட சராசரி' என்ற பெயர், ஆனால் 273.82 குறைவு, ஏனென்றால் 18ஆம் தேதி வந்த விலை உயர்ந்த சரக்கு 10ஆம் தேதி விற்பனைக்கும் பின்னோக்கிப் பரவிவிடுகிறது. முதலில் வந்தது முதலில் செல்லும் முறையில் இந்தத் தொல்லை இல்லை, எப்படிப் போட்டாலும் 3,750தான்.

இனி தொடர் முறையை வைத்தே ஒப்பிடலாம். விற்பனை 600 × 20 = 12,000. மொத்த இலாபம் முதல் முறையில் 4,900, சராசரியில் 4,615. வித்தியாசம் 285. இருப்பின் வித்தியாசத்தைப் பாருங்கள், 3,750 − 3,465, அதுவும் 285. ஒரு ரொக்கமும் கூடவில்லை, குறையவில்லை, இருப்பில் கூடுதலாகத் தங்கிய அடக்கம்தான் இலாபமாகத் தெரிகிறது. இந்த இரண்டு வித்தியாசங்களும் பொருந்தவில்லையென்றால் எங்கோ கூட்டல் பிழை இருக்கிறது, திரும்பிப் போய்த் தேடுங்கள்.

விடையில் காரணத்தையும் எழுதுங்கள். விலை ஏறிக்கொண்டே போனதால் பழைய மலிவான அடக்கம் விற்பனைக்குப் போய், இருப்பு அண்மை விலையில் நின்றது. சராசரி முறையில் பழைய விலையும் புது விலையும் இரு பக்கமும் கலந்துவிட்டன. விலை இறங்கிக்கொண்டே போயிருந்தால் இது தலைகீழாகும், அதனால் "முதல் முறையில் எப்போதும் இலாபம் அதிகம்" என்று எழுதாதீர்கள். பன்னாட்டுக் கணக்கியல் தரம் 2 இரண்டு முறைகளையும் ஏற்கிறது, கடைசியில் வந்தது முதலில் செல்லும் முறையைத்தான் ஏற்பதில்லை. இந்த 285 அடுத்த மாதத் தொடக்க இருப்பாகப் போய், அந்தச் சரக்கு விற்கும்போது அடக்கத்தில் ஏறி, இப்போது கூடிய இலாபத்தை அப்போது குறைத்துவிடும்.