தரம் 10 மனையியல்: செயலட்டை – உணவு விதிகளை ஒப்பிடுதல்

நேரம்: 40 நிமிடம். மொத்தம் 20 புள்ளிகள்.

அட்டனில் நடக்கும் விளையாட்டு விழாவுக்கு மதிய உணவு: சோறு, பருப்பு, மாசி போட்ட தேங்காய்ச் சம்பல், கோழிக்கறி, யோகட்.

வாசிக்க:
ஹலால்: பன்றி, இரத்தம், தானாகச் செத்த பிராணி, மதுபானம் விலக்கு. கோழியை இறைவன் பெயர் சொல்லி, கூரிய கத்தியால் கழுத்தறுத்து, இரத்தம் வடியவிட வேண்டும். மீனுக்கு அறுப்பு விதி இல்லை.

கோஷர் (யூதர்): நாற்கால் விலங்குகளில் குளம்பு பிளந்து, அசைபோடுபவை மட்டுமே. மீனுக்குச் செதிலும் துடுப்பும் வேண்டும், இறால் ஆகாது. பயிற்சி பெற்றவரே அறுப்பார். வழமையாக இறைச்சியை அரை மணி ஊறவைத்து, ஒரு மணி உப்பிட்டு இரத்தம் நீக்குவர். இறைச்சியும் பாலும் சேராது, பாத்திரமும் வேறு.

மரக்கறி: இறைச்சி, மீன் இல்லை. பலர் முட்டையும் தவிர்ப்பர். பால், தயிர் பெரும்பாலும் உண்டு.

வினாக்கள்
1. மரக்கறிக்காரருக்கு ஆகாத இரண்டு உணவுகளைக் காரணத்துடன் எழுதுக. (4) கவனம்: மாசி என்பது உலர்த்திய மீன்.
2. யோகட் சிட்டையில் “ஜெலட்டின்” என்று இருந்தால் மூன்று தரப்பும் ஏன் விசாரிக்க வேண்டும்? (6) ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது.
3. ஹலால் கோழிக்கறியுடன் இந்த யோகட் பரிமாறினால் கோஷர் விதி எங்கெங்கே மீறப்படும்? (4)
4. கோழிக்கறிக் கரண்டியைப் பருப்புச் சட்டியில் விட்டால் யாருக்குப் பருப்பு வீணாகும்? தடுக்கும் வழியைப் படிப்படியாக எழுதுக. (6)