மூன்று லாபம், ஒரு வரி: பங்குதாரர்களுக்கு ஒரு குறிப்பு

அன்புள்ள பங்குதாரர்களுக்கு,

போன வருடப் பொதுக்கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது, திருவையாற்றிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் ஆண்டறிக்கையைப் பிரித்துக் காட்டி, "தம்பி, மேடையில மூணு லாபம் சொன்னீங்க. இதுல ஒண்ணுதானே இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. கம்பெனிச் சட்டம் வகுத்த படிவத்தில் மொத்த லாபத்தையும் செயல்பாட்டு லாபத்தையும் காட்டத் தனி வரி கிடையாது. நாம்தான் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

நம் அரிசி ஆலையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அரிசி, தவிடு, நொய் விற்று வந்தது 4,200 லட்சம். அதற்கு ஆன நெல் 3,360 லட்சம். அரவைக் கூலி, மின்சாரம், சாக்கு 240 லட்சம். மீதி 600 லட்சம்தான் மொத்த லாபம்.

இங்கே ஒரு சங்கதி. கணக்கு மார்ச் 31-இல் முடிகிறது. சம்பா, தாளடி நெல் வாங்கிக் கிடங்கில் அடுக்கிய சமயம் அது. வாங்கியதையெல்லாம் செலவில் போட்டால் கணக்கு நட்டத்தில் நிற்கும். அதனால் விற்காமல் கிடக்கும் சரக்கைச் செலவிலிருந்து கழித்துவிடுவோம். கிடக்கும் நெல் 'பயன்படுத்திய மூலப்பொருள் செலவு' என்ற வரியிலும், அரைத்த அரிசி 'சரக்கிருப்பில் மாற்றம்' என்ற வரியிலும் இப்படிக் கழியும். அந்தச் சரக்குக்குக் கூடுதல் மதிப்புப் போட்டால் லாபமும் கூடித் தெரியும். ஆகவே அந்த இரண்டு வரிகளிலும் கண் இருக்கட்டும்.

600-இல் அலுவலகச் சம்பளம், லாரி வாடகை, பராமரிப்பு 210. இயந்திரத் தேய்மானம் 90. இவை போக 300 லட்சம் செயல்பாட்டு லாபம். தேய்மானத்தைக் கழிக்காமலே இந்தப் பெயரைச் சொல்பவர்களும் உண்டு. எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் வங்கி வட்டி 180. அறுவடையில் நெல் பிடிக்க வாங்கும் கடன், வேறு வழியில்லை. மீதி 120. அதோடு, பழைய களம் இருந்த மனையை விற்ற ஆதாயம் 140 சேர்ந்து 260. வருமான வரி 60 போக நிகர லாபம் 200 லட்சம்.

போன வருடம் இது 150. அட்டையில் 'லாபம் மூன்றில் ஒரு பங்கு உயர்வு' என்று போட்டிருக்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் செயல்பாட்டு லாபம் போன வருடம் 360, இப்போது 300. நெல் அரைத்துச் சம்பாதித்தது குறைந்திருக்கிறது. மனையை இன்னொரு தடவை விற்க முடியாது.

ஈவுத்தொகை நிகர லாபத்திலிருந்துதான் வருகிறது என்பதால் பலரும் அந்தக் கடைசி வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். மனை விற்ற ஆதாயம் 'விதிவிலக்கான இனங்கள்' என்ற வரியில் இருக்கிறது. பக்கத்தில் உள்ள குறிப்பு எண்ணைப் பிடித்துப் பின்பக்கம் போனால் விவரம் கிடைக்கும். 360 ஏன் 300 ஆனது என்று இந்த வருடக் கூட்டத்தில் கேளுங்கள். பதிலோடுதான் வருகிறோம்.

கணக்குப் பிரிவு